பிள்ளை சொன்ன ரேட்டும் பாஸ்புக்கில் விழுந்த ரேட்டும்

வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இங்கே பாஸ்புக்கைப் புரட்டும் பெற்றோர்களுக்கு,

வங்கியில் அந்நியச் செலாவணி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்த மேசைக்கு எதிரே வந்து நிற்பவர்களிடம் அடிக்கடி கேட்ட புகார் ஒன்று உண்டு. "பொண்ணு ரேட்டை லாக் பண்ணிட்டேன்னு சொன்னா சார். மூணு லட்சத்து நாற்பத்தேழாயிரம் வரும்னு போட்டோ எடுத்து அனுப்பினா. வந்தது மூணு நாற்பத்திரண்டு. மீதி அஞ்சாயிரத்தை யார் எடுத்தது?" கேள்வி நியாயமானதுதான். ஆனால் கேட்கப்படும் இடம் பெரும்பாலும் தவறு. அந்தக் கோபம் கவுண்டரில் இருக்கும் பெண்ணின் மேல் போகிறது. அவருக்கோ இந்த விஷயத்தில் சம்பந்தமே இல்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில், லாக் என்று பிள்ளைகள் சொல்வது என்ன என்று பார்த்துவிடுவோம். பணம் அனுப்பும் நிறுவனத்தின் செயலியில் அவர்கள் தொகையைப் போடும்போது, ஒரு விகிதம் காட்டப்படும். அதோடு, இந்த விகிதம் இத்தனை மணி நேரத்துக்கு உறுதி என்று ஒரு வரியும் இருக்கும். சில நாணயங்களுக்கு இரண்டு மணி நேரம், சிலவற்றுக்கு ஒரு நாள், சிலவற்றுக்கு இரண்டு நாள் என்று நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அந்தக் கெடுவுக்குள் பணம் வந்து சேர வேண்டும். எங்கே வந்து சேர வேண்டும்? இங்கேதான் பெற்றோர்கள் தடுமாறுகிறார்கள். உங்கள் கணக்கில் அல்ல. அந்த நிறுவனத்தின் கணக்கில், வெளிநாட்டிலேயே. பிள்ளையின் வங்கியிலிருந்து கிளம்பிய பவுண்டோ யூரோவோ அனுப்பும் நிறுவனத்தின் கையில் எந்த நிமிடம் விழுகிறதோ, அந்த நிமிடத்தைத்தான் கெடுவோடு ஒப்பிடுவார்கள். கெடுவுக்கு முன் விழுந்திருந்தால் சொன்ன ரேட். பின்னால் விழுந்திருந்தால் அந்த நேரத்து ரேட்.

எண்ணோடு ஒரு உதாரணம் பார்ப்போம். விகிதங்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. நடைமுறை மட்டும் அப்படியே உள்ளது. இங்கிலாந்தில் செவிலியராக இருக்கும் மகள், திருநெல்வேலியில் இருக்கும் அப்பாவுக்கு வீட்டு வேலைக்காக 3,000 பவுண்டு அனுப்புகிறாள். வெள்ளிக்கிழமை மாலை 5.40க்குப் பணி முடிந்ததும் செயலியைத் திறக்கிறாள். கட்டணம் 15 பவுண்டு. மீதி 2,985 பவுண்டு, ஒரு பவுண்டுக்கு 116.40 ரூபாய் வீதம், 3,47,454 ரூபாய். 24 மணி நேரத்துக்கு இந்த ரேட் உறுதி. திரையைப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பிவிட்டு, தன் வங்கிச் செயலிக்குப் போய் அந்த நிறுவனத்தின் கணக்குக்கு 3,000 பவுண்டு அனுப்புகிறாள்.

இங்கிலாந்தில் இப்படி ஒரு வங்கியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்புவது வழக்கமாகச் சில நொடிகளில் முடியும். தாமதமானாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் இவள் அந்த நிறுவனத்துக்கு அனுப்புவது இதுதான் முதல்முறை. தொகையும் பெரியது. வங்கியின் மோசடித் தடுப்பு முறை அதை நிறுத்திவைக்கிறது. 2024 அக்டோபர் 30 முதல் அங்கே சட்டமே அதற்கு இடம் கொடுக்கிறது: மோசடி என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால், வழக்கமான நேரத்துக்கு மேலும் 72 மணி நேரம் வரை வங்கி பணத்தைப் பிடித்துவைக்கலாம். ஆட்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் கூட்டத்தைத் தடுக்க வந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான், நம் மகள் அதில் மாட்டாதவரை.

சனிக்கிழமை மாலை 5.40க்கு லாக் முடிகிறது. பணம் இன்னும் அவளுடைய வங்கியிலேயே இருக்கிறது. திங்கள் காலை வங்கி அவளை அழைத்துச் சில கேள்விகள் கேட்டுவிட்டு, 11.15க்குப் பணத்தை விடுகிறது. 11.17க்கு அது நிறுவனத்தின் கணக்கில் விழுகிறது. அப்போது ரேட் 114.90. நிறுவனம் அந்த விகிதத்தில் மாற்றி, இங்கே இருக்கும் தன் கூட்டு வங்கி மூலம் அப்பாவின் கணக்கில் 3,42,976 ரூபாய் 50 காசு போடுகிறது. கோடைக்காலமானால் நம் கடிகாரத்தில் மாலை நாலு மணி சுமாருக்கு. வித்தியாசம் 4,477 ரூபாய் 50 காசு. பவுண்டுக்கு ஒன்றரை ரூபாய் இறங்கியது, 2,985 பவுண்டு. அவ்வளவுதான் கணக்கு. யாரும் எதையும் எடுக்கவில்லை.

இப்போது அதே கதையைச் சற்று மாற்றிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை 5.45க்கே பணம் நிறுவனத்துக்குப் போய்விட்டது. ஆனால் அப்பாவின் கணக்கு முடங்கிக் கிடந்ததால், வரவு திரும்பிப் போய், கிளைக்கு நடந்து, செவ்வாய்க்கிழமைதான் சரியானது. இப்போது எந்த ரேட்? 116.40தான். தொகை 3,47,454, ஒரு காசு குறையக் கூடாது. மாற்றம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. அதன்பின் ரூபாயாகத்தான் அது அலைந்தது. ரூபாய் இரண்டு நாள் தாமதமாக வந்தால் ரூபாய் குறையாது. 'உங்கள் பக்கம் தாமதம், அதனால் ரேட் மாறிவிட்டது' என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே விலக்கு, பணம் முழுக்கத் திரும்பி மறுபடி பவுண்டாக மாறி மகளிடமே போய்விட்ட நிலை. அப்போது அன்றைய விகிதத்தில் மாற்றித் தருவார்கள். மறுபடி அனுப்பினால் அது புது வியாபாரம், புது ரேட்.

நிறுவனங்கள் ஏன் இப்படிக் குறுகிய கெடு வைக்கின்றன என்று கேட்கலாம். 2022 செப்டம்பர் 23, வெள்ளிக்கிழமை. பிரிட்டனின் அப்போதைய நிதியமைச்சர் குவாசி குவார்டெங் வரிக்குறைப்புத் திட்டத்தை அறிவித்தார். அதற்கு முந்தைய நாள் ஒரு பவுண்டு 1.12 டாலருக்கு மேல் இருந்தது. திங்கள் அதிகாலை, ஆசியச் சந்தைகள் திறந்தபோது 1.03 அளவுக்கு விழுந்தது, அதுவரை இல்லாத தாழ்வு. அந்த வெள்ளி காலையில் லாக் செய்து உடனே பணம் கட்டியவர்கள் பிழைத்தார்கள். லாக் மட்டும் செய்துவிட்டு, பணம் திங்களன்று போய்ச் சேர்ந்தவர்களின் கெடு 24 மணி நேரமாக இருந்திருந்தால், அந்த வீழ்ச்சி முழுவதும் அவர்கள் தலையில்தான். கெடு இல்லாமல் இருந்திருந்தால் நிறுவனத்தின் தலையில்.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. லாக் செய்வதற்குக் காசில்லை. கட்டாமல் விட்டாலும் அபராதமில்லை. ஆகவே சாமர்த்தியசாலி ஒருவர் இன்று லாக் செய்து வைத்து, நாளை ரேட் இறங்கினால் பணம் கட்டுவார், ஏறினால் பழைய லாக்கை விட்டுவிட்டுப் புதிதாகப் போடுவார். இரண்டு பக்கமும் அவருக்கே லாபம். இதைத் தாங்க முடியாமல்தான் நிறுவனங்கள் கெடுவைச் சுருக்குகின்றன. ஒரே நேரத்தில் எத்தனை லாக் வைத்திருக்கலாம் என்று வரம்பும் போடுகின்றன. எனக்கு இந்த நிறுவனங்களின் மேல் தனிப் பிரியம் ஒன்றுமில்லை. ஆனால் கெடு வைப்பது ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். அந்தக் கெடு எப்போது முடிகிறது, முடிந்தபின் என்ன ஆகும் என்பதைப் பொடி எழுத்தில் போடுவதைத்தான் குறை சொல்வேன்.

'முடிந்தபின் என்ன ஆகும்' என்பது எல்லா இடத்திலும் ஒன்றல்ல. பொதுவான முறை, பணம் வந்து சேர்ந்த நேரத்து ரேட்டில் மாற்றிவிடுவது. அந்த ரேட் ஏறியிருந்தால் உங்களுக்குக் கூடுதலாகவும் வரும். பிள்ளை சொன்னதைவிட அதிகம் வந்தது என்று புகார் சொல்ல யாரும் என் மேசைக்கு வந்ததில்லை என்பது வேறு விஷயம். சில நிறுவனங்கள் மாற்றாமல் நிறுத்தி, "ரேட் மாறிவிட்டது, தொடரலாமா?" என்று கேட்கும். பழைய ரேட், புது ரேட் இரண்டில் குறைந்ததைத் தருவேன் என்று விதி எழுதியிருந்தால் அந்தப் பக்கமே போக வேண்டாம் என்று பிள்ளையிடம் சொல்லுங்கள். அது ஒருபக்கத் தராசு.

உங்களுக்கு வர வேண்டிய தொகையை முடிவு செய்து அனுப்பும்போது சிக்கல் வேறு மாதிரி வரும். கட்டடக்காரருக்குச் சரியாக 3,45,000 கொடுக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டிருப்பீர்கள். மகள் செயலியில், அப்பாவுக்கு 3,45,000 போக வேண்டும் என்று ரூபாய்ப் பக்கத்தில் எண்ணைப் போட்டிருப்பாள். 116.40 வீதம் அதற்குச் சுமார் 2,964 பவுண்டு போதும். லாக் போய் 114.90 ஆகிவிட்டால் சுமார் 3,003 பவுண்டு வேண்டும். கட்டணம் தனி. 39 பவுண்டு பற்றாக்குறை. இப்போது நிறுவனம் அந்த மீதியைக் கேட்டு நிறுத்திவைக்கலாம், குறைந்த ரூபாயை அனுப்பலாம், அல்லது முழுவதையும் திருப்பிவிடலாம். மின்னஞ்சலில் கேட்டிருப்பார்கள், இரவுப் பணியில் இருப்பவள் பார்த்திருக்க மாட்டாள். நீங்கள் இங்கே கட்டடக்காரருக்கு நாள் சொல்லிவிட்டுக் காத்திருப்பீர்கள். தேதிக்குள் பணம் வந்தே ஆக வேண்டும் என்றால், அனுப்பும் தொகையைப் பவுண்டில் போடச் சொல்லி, ரூபாயில் கொஞ்சம் கூடவே கேட்டுவையுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் வெளிநாட்டிலேயே மாற்றம் நடந்து ரூபாயாக வரும் பணம். அந்நிய நாணயமாகவே இங்கு வந்து சேரும் பணமும் உண்டு. பிள்ளை தன் வங்கிக் கிளையிலிருந்து ஸ்விஃப்ட் மூலம் பவுண்டாகவே அனுப்பினால், அதை ரூபாயாக மாற்றுவது உங்கள் வங்கி. உங்கள் வங்கியின் அன்றைய வாங்கும் விகிதம்தான் பொருந்தும். பிள்ளை எந்தச் செயலியில் என்ன ரேட் பார்த்திருந்தாலும் இங்கே அது செல்லாது. வங்கியின் வாங்கும் விகிதம் சந்தை விகிதத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும். நடுவில் இருக்கும் வங்கி தன் கட்டணத்தையும் பிடித்திருக்கலாம். அதோடு, நாணய மாற்றத்துக்கு ஜிஎஸ்டி உண்டு. 3,40,000 ரூபாய்க்கான மாற்றத்தில் முதல் லட்சத்துக்கு 1,000, மீதி 2,40,000க்கு அரை சதவீதம் 1,200, ஆக 2,200 ரூபாயைச் சேவை மதிப்பாக வைத்து அதில் 18 சதவீதம், 396 ரூபாய் பிடிப்பார்கள்.

இரண்டில் எது உங்களுடையது என்று கண்டுபிடிப்பது எளிது. பாஸ்புக் வரியில் என்இஎஃப்டி அல்லது ஐஎம்பிஎஸ் என்று போட்டு, இந்தியாவிலுள்ள ஏதோ ஒரு வங்கியின் பெயரோ அனுப்பும் நிறுவனத்தின் பெயரோ இருந்தால், அது ரூபாயாகவே வந்த பணம். உங்கள் வங்கிக்கு ரேட்டில் கை இல்லை. அது வந்த தொகையை அப்படியே வரவு வைத்தது. மாறாக, வெளிநாட்டு வரவு என்று குறித்து, ஜிஎஸ்டி தனி வரியாகப் பிடிக்கப்பட்டு, வங்கி ஒரு அறிவிப்புச் சீட்டும் தந்திருந்தால், மாற்றியது உங்கள் வங்கி. அந்தச் சீட்டில் அந்நியத் தொகை, விகிதம், P1301 போன்ற நோக்கக் குறியீடு எல்லாம் இருக்கும். குடும்பச் செலவுக்கென்று வெளிநாட்டு இந்தியர் அனுப்பும் பணத்துக்கான குறியீடு அது.

உங்கள் வங்கி மாற்றியதாக இருந்தால் ஒன்று கேளுங்கள்: அந்தப் பணம் வங்கியின் வெளிநாட்டுக் கணக்கில் என்று வந்தது, எனக்கு என்று மாற்றப்பட்டது? அந்நியச் செலாவணி வணிகர் சங்கமான ஃபெடாயின் விதிப்படி, வரவுத் தகவல் கிடைத்த இரண்டு வேலை நாளுக்குள் பணத்தைத் தர வேண்டும் அல்லது உங்களுக்குத் தகவலாவது சொல்ல வேண்டும். தவறினால் சேமிப்புக் கணக்கு வட்டியைவிட 2 சதவீதம் அதிகமாக வட்டி தர வேண்டும். இடையில் ரேட் உங்களுக்குப் பாதகமாக நகர்ந்திருந்தால் வங்கியின் இழப்பீட்டுக் கொள்கைப்படி அதையும் ஈடுகட்ட வேண்டும். கேட்பவர்கள் குறைவு. கேட்காதவருக்குத் தானாக வந்து தருவதும் குறைவு. வங்கிக்கு எழுத்தில் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் திருப்தியில்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியாகப் போகலாம். ஆனால் நினைவிருக்கட்டும்: வெளிநாட்டிலேயே லாக் காலாவதியான கதைக்கு அந்தக் கதவு திறக்காது.

அதற்கு அனுப்பியவர்தான் புகார் செய்ய வேண்டும். ஒப்பந்தம் மகளுக்கும் நிறுவனத்துக்கும் இடையில். நீங்கள் பெறுபவர், அந்தத் தாளில் உங்கள் பெயர் இருந்தாலும் கையெழுத்து உங்களுடையது அல்ல. அவளிடம் மூன்று நேரங்களைக் கேளுங்கள்: லாக் எப்போது முடிந்தது, நிறுவனத்துக்குப் பணம் எப்போது கிடைத்தது, எப்போது மாற்றினார்கள். செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் பெரும்பாலும் இவை படிப்படியாக இருக்கும். இரண்டாவது நேரம் முதலாவதற்கு முந்தியதாக இருந்தும் புது ரேட் போட்டிருந்தால், அது நிறுவனத்தின் பிழை. சொன்ன ரேட்டைத் தரச் சொல்லலாம். இங்கிலாந்தில் பணப்பரிமாற்றப் புகாருக்கு நிறுவனம் 15 வேலை நாளுக்குள் முடிவான பதில் தர வேண்டும், விதிவிலக்கான நிலையில் 35 வேலை நாள். அதன்பின் ஆறு மாதத்துக்குள் அங்குள்ள நிதிக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணமில்லை.

பணம் கெடுவுக்குப் பின்னால் சேர்ந்து, அன்றைய ரேட்டே சரியாகப் போட்டிருந்தால் நிறுவனத்திடம் கேட்க ஒன்றுமில்லை. அந்த ரேட் நியாயமா என்று பார்க்க வேண்டுமானால், எஃப்பிஐஎல் என்ற அமைப்பு வேலை நாட்களில் நண்பகலுக்குப் பின் வெளியிடும் குறிப்பு விகிதத்தைப் பாருங்கள். டாலர், பவுண்டு, யூரோ, யென் நான்குக்கும் உண்டு. கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், நேரம் வேறல்லவா. ஆனால் இரண்டு ரூபாய் தள்ளி நின்றால் கேள்வி கேட்கலாம். பணத்தைப் பிடித்துவைத்த வங்கியைப் பொறுத்தவரை, தாமதத்தால் வந்த வட்டிக்கும் கட்டணத்துக்கும் அது பொறுப்பு என்று முன்பு சொன்ன 2024 சட்டம் சொல்கிறது; விகித வித்தியாசம் என்று வெளிப்படையாகச் சொல்லவில்லை. எழுதிக் கேட்கலாம், உறுதி சொல்ல முடியாது.

அமெரிக்காவில் பிள்ளை இருப்பவர்களுக்கு நிலைமை மேல். 2013 அக்டோபரிலிருந்து அங்கே ஒரு விதி இருக்கிறது. 15 டாலருக்கு மேல் வெளிநாட்டுக்கு அனுப்பினால், பணம் கட்டுவதற்கு முன்பே விகிதம், கட்டணம், உங்களுக்குச் சேரும் தொகை எல்லாம் எழுதிக் காட்ட வேண்டும். கட்டியதும் ரசீது தர வேண்டும். என்று கிடைக்கும் என்ற தேதியும் அதில் இருக்கும். பிள்ளை தன் வங்கிக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டாலே, விதிப்படி அது பணம் கட்டியதாகிறது. அதனால் அந்த டாலர் நிறுவனத்துக்கு வந்து சேர இரண்டு மூன்று நாள் ஆனாலும் ரசீதில் உள்ள எண்தான் எண். மதிப்பீடு என்று தெளிவாகக் குறித்த சில வகைகள் மட்டும் விலக்கு. குறைந்தால், பணம் கிடைக்கும் என்று சொன்ன தேதியிலிருந்து 180 நாளுக்குள் பிள்ளை பிழைப் புகார் கொடுக்கலாம். நிறுவனம் 90 நாளுக்குள் விசாரிக்க வேண்டும். அதனால் திரையில் முதலில் தோன்றிய எண்ணைப் படம் எடுத்து அனுப்புவதை விட்டுவிட்டு, கட்டிய பிறகு வரும் ரசீதை அனுப்பச் சொல்லுங்கள்.

இங்கிலாந்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி வைக்க வேண்டியது கொஞ்சம்தான். புதிய நிறுவனத்துக்கு முதல்முறை அனுப்பும்போது 20 பவுண்டு, 50 பவுண்டு என்று சிறிய தொகையை ஒருமுறை அனுப்பிப் பழக்கிவிடுங்கள். பெரிய தொகையை வங்கி நிறுத்துவது அதன்பின் குறையும். வெள்ளிக்கிழமை மாலையில் பெரிய தொகையை லாக் செய்யாதீர்கள். செவ்வாய், புதன் காலை நல்லது. அவசரமென்றால் டெபிட் கார்டில் கட்டலாம். கட்டணம் கூடும், ஆனால் பணம் அந்த நிமிடமே நிறுவனத்திடம் போய்விடும். லாக் முடிந்து பணம் இன்னும் போய்ச் சேரவில்லை என்றால், நிறுவனம் மாற்றும் முன் ரத்து செய்ய வழி இருக்கிறது. நம் உதாரணத்தில், சனிக்கிழமை மாலை லாக் முடிந்ததைக் கவனித்தால் முடிவு மகள் கையில், திங்கள் 11.17க்குப் பின் யார் கையிலும் இல்லை.

அப்படியும் கணக்கு உதைத்தால், கிளைக்கு வரும்போது பிள்ளை அனுப்பிய முதல் படத்தை மட்டும் கொண்டுவராதீர்கள். பரிவர்த்தனை முடிந்தபின் செயலி தரும் இறுதி ரசீதையும், பாஸ்புக்கில் உள்ள யுடிஆர் எண்ணையும் கொண்டுவாருங்கள். அவை இரண்டும் இருந்தால் எந்த இடத்தில் எந்த ரேட் போட்டார்கள் என்று கவுண்டரில் இருப்பவர் அங்கேயே பார்த்துச் சொல்லிவிடுவார்.

அன்புடன்,
செலாவணி மேசையிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவன்